வாசல் கேமராவும் வரவேற்பறை டிவியும்

வாசலில் மாட்டிய கேமராவின் காட்சி கைபேசியில் ஒரே தட்டலில் திறந்துவிடுகிறது. அதே வீட்டின் கூடத்தில் இருக்கும் டிவியில் அதை வரவழைப்பதற்குள் பலர் அலுத்துப்போகிறார்கள். டிவி புதியதா, பெரியதா என்பது இதில் அதிகம் பொருட்டல்ல. கேமரா தன் காட்சியை யாருக்கு, எந்த வடிவத்தில் கொடுக்கச் சம்மதிக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது தெரிந்துவிட்டால் எந்த வழியில் முயல வேண்டும், எதில் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

காட்சி டிவிக்கு வரும் பாதைகள்

வைஃபை கேமராவின் காட்சி டிவியை வந்தடைய மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது, கேமராவைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வர் வழியாக வருவது. கேமரா வீட்டு இணைய இணைப்பின் மூலம் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருக்கும். நிறுவனத்தின் செயலியில் கணக்கைத் திறந்ததும் சர்வர் காட்சியை அனுப்பிவைக்கும், அல்லது கேமராவையும் கைபேசியையும் நேரடியாகக் கோத்துவிடும். வெளியூரில் இருந்தபடி வாசலைப் பார்க்க முடிவது இதனால்தான். ஆனால் இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை கைபேசிக்காக மட்டுமே எழுதப்பட்டவை. டிவியின் செயலிக் கடையில் தேடினால் கிடைப்பதில்லை.

இரண்டாவது, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கேமராவிலிருந்து டிவிக்கு நேராக வருவது. இதற்கு ஆர்டிஎஸ்பி என்ற நெறிமுறை உதவுகிறது. 1998இல் தரப்படுத்தப்பட்ட இது பழையதானாலும், கண்காணிப்புக் கேமராக்களின் பொதுமொழியாக இன்றும் நிலைத்திருக்கிறது. பல நிறுவனங்களின் கேமராக்களும் பதிவுக் கருவிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஆக்ஸிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் 2008இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற அமைப்பின் விதிகளும் காட்சியைக் கடத்த ஆர்டிஎஸ்பியையே சார்ந்திருக்கின்றன. கேமராவின் பெட்டியில் RTSP அல்லது ONVIF என்று அச்சிடப்பட்டிருந்தால் இந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, கைபேசியில் ஓடும் காட்சியை அங்கிருந்து டிவிக்கு அனுப்புவது. காஸ்ட், ஸ்கிரீன் மிரரிங் என்று இதைச் சொல்கிறார்கள்.

கேபிள் இழுத்து, டிவிஆர் பெட்டியோடு மாட்டிய சிசிடிவி உள்ள வீடுகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. டிவிஆரின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கும். அதிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள் போட்டு, ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றினால் எல்லாக் கேமராக்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். இணையமே தேவையில்லை, தாமதமும் மிகக் குறைவு. பத்து மீட்டருக்கு மேல் தூரம் போனால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம். அப்போது நெட்வொர்க் கேபிள் வழியாக எச்டிஎம்ஐயைக் கடத்தும் எக்ஸ்டெண்டர் தேவைப்படும்.

பேட்டரி மணியின் தூக்கம்

ஆர்டிஎஸ்பி பாதையை நம்பிப் பொருள் வாங்கும் முன் கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் அழைப்புமணிக் கேமரா பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் தூண்டினாலோ, மணியை அழுத்தினாலோ, செயலி எழுப்பினாலோதான் அது விழித்துப் படம் எடுக்கும். வேலை முடிந்ததும் மறுபடி தூங்கிவிடும். மாதக்கணக்கில் பேட்டரி தாங்குவதன் இரகசியம் இதுதான்.

ஆர்டிஎஸ்பி பாதையிலோ, கேமரா எந்நேரமும் விழித்திருந்து, யார் கேட்டாலும் உடனே காட்சியைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் பேட்டரி வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே பேட்டரி மாடல்களில் இந்த வசதியை நிறுவனங்கள் பொதுவாக வைப்பதில்லை. டிபி-லிங்க் நிறுவனத்தின் டாப்போ வரிசையில் அடாப்டரில் ஓடும் பல கேமராக்களுக்கு ஆர்டிஎஸ்பி உண்டு, பேட்டரியில் ஓடுபவற்றுக்கு இல்லை. நாள் முழுவதும் டிவியின் ஓரத்தில் வாசல் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பேட்டரி மணியை வாங்கிவிட்டு எந்தச் செயலியைத் தேடினாலும் பலன் கிடைக்காது.

ஒரு வீடு, ஒரு கேமரா, ஒரு டிவி

நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மாடி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில், முழங்கால் வலியோடு வயதான தாய் இருக்கிறார். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து கதவு வரை நடக்காமல், டிவியிலேயே வந்தவரைப் பார்க்க அவருக்கு வழி வேண்டும். வாசலில் அடாப்டரில் ஓடும் டாப்போ சி310 கேமரா. கூடத்தில் ஆண்ட்ராய்டு டிவி. இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன.

முதல் வேலை, கேமராவுக்குள் ஒரு தனிக் கணக்கை உருவாக்குவது. டாப்போ செயலியில் அந்தக் கேமராவின் அமைப்புகளுக்குள் `Advanced Settings`, அதற்குள் `Camera Account` என்று இருக்கும். அங்கே ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். செயலியைத் திறக்கப் பயன்படும் மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும் இங்கே செல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. சில புதிய பதிப்புகளில் வெளியார் செயலிகளை அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்றையும் தனியாக இயக்க வேண்டியிருக்கும்.

கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருப்பது நல்லது. காட்சிக்கான முகவரியில் கடவுச்சொல் முடிந்து கேமராவின் எண் தொடங்கும் இடத்தை `@` என்ற குறிதான் காட்டுகிறது. கடவுச்சொல்லுக்குள்ளும் அதே குறி இருந்தால் செயலி குழம்பிவிடும். எண்களும் எழுத்துகளும் கலந்த நீளமான சொல் போதுமான பாதுகாப்பைத் தரும்.

இரண்டாவது வேலை, கேமராவின் ஐபி முகவரியை நிலைப்படுத்துவது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது. மின்சாரம் போய்வந்தால் அந்த எண் மாறக்கூடும். நேற்று வரை டிவியில் தெரிந்த வாசல் இன்று திடீரென்று தெரியாமல் போவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் `Address Reservation` அல்லது அதுபோன்ற பெயரில் உள்ள பகுதிக்குச் சென்று, கேமராவுக்கு 192.168.1.40 என்பதுபோல ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். கேமராவின் இப்போதைய எண் டாப்போ செயலியின் சாதன விவரப் பகுதியில் தெரியும்.

இப்போது காட்சியின் முகவரி தயார். டாப்போ கேமராக்களில் அது இப்படி அமையும்:

```
rtsp://vaasal:Mullai2741@192.168.1.40:554/stream1
```

இதில் `vaasal` பயனர்பெயர், `Mullai2741` கடவுச்சொல், 554 என்பது ஆர்டிஎஸ்பிக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட போர்ட் எண். கடைசியில் உள்ள `stream1` முழுத் தெளிவுக் காட்சியைத் தரும். அதை `stream2` என்று மாற்றினால் தெளிவு குறைந்த, லேசான காட்சி வரும். மற்ற நிறுவனங்களின் கேமராக்களில் முன்பகுதி இதேபோல இருக்கும், போர்ட் எண்ணுக்குப் பிந்திய பகுதி மட்டும் மாறும். ஹிக்விஷனில் அது `/Streaming/Channels/101` என்றும், டஹுவாவில் `/cam/realmonitor?channel=1&subtype=0` என்றும் இருக்கும்.

டிவிக்குப் போகும் முன் மடிக்கணினியில் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். விஎல்சி என்ற இலவச செயலியின் `Media` பட்டியலில் `Open Network Stream` என்பதைத் திறந்து, முகவரியை ஒட்ட வேண்டும். அங்கே படம் வந்துவிட்டால் கேமரா பக்கம் எந்தக் குறையும் இல்லை. பிறகு டிவியில் படம் வராவிட்டால் பிழையை டிவி பக்கம் மட்டும் தேடினால் போதும்.

மூன்றாவது வேலை டிவியில். பிளே ஸ்டோரிலிருந்து விஎல்சியை நிறுவிக்கொள்ளலாம். இவ்வளவு நீளமான முகவரியை ரிமோட்டின் அம்புப் பொத்தான்களால் எழுத்தெழுத்தாகத் தட்டுவது பெரும் தொல்லை. ஓர் எழுத்து தவறினாலும் படம் வராது. இதற்கு ஓர் எளிய வழி, முகவரியைக் கணினியில் ஒரு சிறு கோப்பாக எழுதி, `vaasal.m3u` என்று பெயரிட்டு, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகுவது. கோப்புக்குள் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
#EXTM3U
#EXTINF:-1,Vaasal
rtsp://vaasal:Mullai2741@192.168.1.40:554/stream1
#EXTINF:-1,Vaasal-Light
rtsp://vaasal:Mullai2741@192.168.1.40:554/stream2
```

விஎல்சியில் பென் டிரைவைத் திறந்து இந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் முதல் காட்சி ஓடத் தொடங்கும். அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் லேசான காட்சிக்கு மாறும். வாசல், கொல்லைப்புறம், வண்டி நிறுத்துமிடம் என்று பல கேமராக்கள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டம் கட்டிப் பார்க்க விரும்பினால் டைனிகேம் போன்ற கேமராச் செயலிகள் ஏற்றவை.

டிவி ஆண்ட்ராய்டு வகை இல்லையென்றால் ஒரு கூடுதல் பொருள் தேவை. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் ஆகியவற்றின் செயலிக் கடைகளில் விஎல்சி கிடைப்பதில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி வகைக் கருவியோ செருகினால், அதில் விஎல்சியை நிறுவி மேலே சொன்னபடியே செய்துகொள்ளலாம்.

படம் வராதபோது எதைப் பார்ப்பது?

கோளாறு எங்கே என்பதை டிவி திரையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெகுநேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று வந்தால் டிவியால் கேமராவை எட்டவே முடியவில்லை என்று அர்த்தம். கேமராவின் எண் மாறியிருக்கலாம். அல்லது இரண்டில் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். விருந்தினர் வைஃபையில் உள்ள கருவிகள் மற்றக் கருவிகளைப் பார்க்கவிடாமல் ரவுட்டர் தடுப்பது வழக்கம். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, வீட்டார் வாங்கி வைத்த ரவுட்டர் ஒன்று என இரண்டு இருக்கும் வீடுகளிலும் இது நேரும். டிவியின் எண் 192.168.0 என்றும், கேமராவின் எண் 192.168.1 என்றும் தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் மாட்டியிருக்கின்றன. இரண்டையும் ஒரே ரவுட்டருக்கு மாற்றிவிட வேண்டும். கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸிலும் டிவி 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால் பாதகமில்லை, ரவுட்டர் ஒன்றாக இருந்தால் போதும்.

உடனடியாக `401` என்ற எண்ணோடு மறுப்பு வந்தாலோ, பயனர்பெயரை மறுபடி கேட்டாலோ, கேமராவை எட்டியாகிவிட்டது, கடவுச்சொல்தான் தவறு.

ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தாலோ, படம் நத்தைபோல நகர்ந்தாலோ, காட்சியைச் சுருக்கும் முறையைப் பார்க்க வேண்டும். புதிய கேமராக்கள் பல, சேமிப்பிடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் காட்சியைச் சுருக்குகின்றன. பழைய, விலை குறைந்த டிவிகளின் சிப்பால் அதை விரிக்க முடியாமல் போகலாம். கேமராவின் அமைப்பில் எச்.264க்கு மாற்றினால் அனேகமாகச் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாத கேமராவில் லேசான காட்சியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

படம் கட்டம் கட்டமாகச் சிதைந்தாலோ, சாம்பல் நிறப் பூச்சு பரவினாலோ, வழியில் தரவு தொலைகிறது. வாசல் சுவருக்கு அப்பால் இருக்கும் கேமராவுக்கு வைஃபை பலவீனமாகக் கிடைப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆர்டிஎஸ்பி காட்சியை யுடிபி, டிசிபி என்ற இரு விதங்களில் அனுப்பலாம். யுடிபியில் தொலைந்த துண்டு தொலைந்ததுதான். டிசிபியில் அதை மறுபடி கேட்டு வாங்க முடியும். செயலியில் டிசிபியைத் தேர்ந்தெடுத்தால் சிதைவு குறையும், பதிலுக்குத் தாமதம் சற்றே கூடலாம். சி310 போல நெட்வொர்க் கேபிள் துளை உள்ள கேமராவாக இருந்தால், ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

காட்சியைத் திறந்த முதல் ஓரிரு விநாடி மட்டும் திரை வெறுமையாக இருந்தால் அது கோளாறு அல்ல. கேமரா ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை அனுப்புவதில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை முழுப் படம் ஒன்றை அனுப்பி, இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. அடுத்த முழுப் படம் வரும் வரை டிவி காத்திருக்கத்தான் வேண்டும்.

தாமதமும் காஸ்ட் செய்வதும்

வாசலில் நிற்பவர் கை அசைத்த எத்தனையாவது விநாடியில் டிவியில் அது தெரிகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் தரத்தை அளக்கும் கோல். வீட்டுக்குள் நேராக வரும் ஆர்டிஎஸ்பி காட்சி வழக்கமாக ஓரிரு விநாடியில் வந்துசேரும். படம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக விஎல்சி சுமார் ஒரு விநாடி அளவுக்குக் காட்சியைச் சேர்த்து வைத்துக்கொண்டே காட்டும். அதன் அமைப்பில் நெட்வொர்க் சேமிப்பு அளவை 300 மில்லிவிநாடி என்று குறைத்தால் தாமதம் இன்னும் குறையும். வைஃபை பலவீனமாக இருந்தால் இப்படிக் குறைப்பது படத்தை அடிக்கடி நிறுத்திவிடும்.

காஸ்ட் செய்வதில் கணக்கு வேறு. 2013இல் வந்த குரோம்காஸ்டின் முறைப்படி, கைபேசி காட்சியைத் தானே அனுப்புவதில்லை. காட்சி இருக்கும் இணைய முகவரியை மட்டும் டிவிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவி அந்த முகவரிக்குப் போய்க் காட்சியை எடுத்துக்கொள்ளும். ஆனால் குரோம்காஸ்டுக்கு ஆர்டிஎஸ்பி தெரியாது. எச்எல்எஸ் போன்ற இணைய வடிவங்களில் கொடுத்தால்தான் ஏற்கும். எச்எல்எஸ் காட்சியைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு துண்டு ஆறு விநாடி என்று வைத்துக்கொண்டு, டிவி மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கினால், திரையில் தெரிவது 18 விநாடிக்கு முந்தைய வாசல். திரைப்படம் பார்க்க இது உறுத்தாது. மணி அடித்தவர் திரும்பிப் போன பிறகு அவர் முகம் தெரிவதால் என்ன பயன்?

கேமராச் செயலியில் காஸ்ட் பொத்தானே இல்லாதபோது கைபேசித் திரையை அப்படியே டிவியில் பிரதிபலிக்கலாம். எந்தச் செயலிக்கும் இது பொருந்தும், தாமதமும் குறைவு. ஆனால் கைபேசித் திரை அணையாமல் இருக்க வேண்டும், பேட்டரி விரைந்து கரையும், வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் கூடத்தில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் படும். சில செயலிகள் திரையைப் பிரதிபலிக்க விடுவதில்லை, டிவியில் வெறும் கறுப்புதான் தெரியும். இரவில் சத்தம் கேட்டு ஐந்து நிமிடம் பெரிய திரையில் பார்க்க இது உதவும். தினமும் நம்பியிருக்க ஏற்றதல்ல.

மணி அடித்தால் தானே தோன்றும் காட்சி

மேலே சொன்ன விஎல்சி ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ரிமோட்டை எடுத்துத் திறந்தால்தான் வாசல் தெரியும். தொடர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தவுடன் திரையின் மூலையில் தானாகவே முகம் தோன்ற வேண்டுமென்றால், கேமராவும் டிவிக் கருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ரிங் நிறுவனத்தை 2018இல் வாங்கிய அமேசானின் ஃபயர் டிவி வரிசையில் சில கருவிகள் ரிங் மணிக்கு இப்படிச் செய்கின்றன. ஆப்பிள் டிவியில் 2020இல் வந்த டிவிஓஎஸ் 14 முதல் ஹோம்கிட் மணிகளுக்கு இந்த வசதி உண்டு. நெஸ்ட் கேமராக்களைக் கூகுள் உதவியாளர் உள்ள டிவியில் பெயர் சொல்லி வரவழைக்கலாம். இவை எல்லாம் நிறுவனத்தின் சேவையை நம்பியவை என்பதால், இணையம் துண்டிக்கப்பட்டால் இவற்றில் பல வேலை செய்யாது. ஆர்டிஎஸ்பி காட்சிக்கு இணையம் தேவையில்லை. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் மின்சாரம் இருந்தால் போதும்.

யார் கண்ணில் படும்?

2016இல் மிராய் என்ற தீங்குநிரல் இலட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதே அதற்கு வாசலாக அமைந்தது. ஆகவே அந்தக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். வீட்டு டிவியில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடத் தேவையே இல்லை. 554ஐ வெளி உலகுக்குத் திறந்துவிட்டால், வழக்கமான ஆர்டிஎஸ்பி காட்சி குறியாக்கம் இல்லாமல் செல்வதால், கடவுச்சொல்லை ஊகித்தவர் எவரும் வாசலைப் பார்க்க முடியும். முகவரிக் கோப்பில் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருப்பதால் அந்தப் பென் டிரைவை வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது.

டிவி என்பது வீட்டுக்கு வருவோர் எல்லோரும் பார்க்கும் திரை. வாசல் கேமராவை அதில் காட்டலாம், படுக்கையறை, தொட்டில் கேமராக்களை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதே நல்லது. ஓஎல்இடி டிவியில் நாள் முழுவதும் அசையாத வாசல் காட்சியை ஓடவிட்டால், மூலையில் இருக்கும் தேதியும் நேரமும் திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதிந்துபோகவும் கூடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எப்போது வேண்டுமானாலும் டிவியில் வாசலைப் பார்ப்பது முக்கியம் என்றால், அடாப்டரில் ஓடும், ஆர்டிஎஸ்பி உள்ள கேமராதானா என்று கேட்க வேண்டும். மணி அடித்ததும் முகம் தானே தோன்றுவது முக்கியம் என்றால், ஏற்கெனவே இருக்கும் டிவிக் கருவிக்கு அந்த மணி ஒத்துவருமா என்று கேட்க வேண்டும். கேமரா ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, இரண்டு வசதியும் அதில் இல்லை என்றால், தேவைப்படும்போது மட்டும் கைபேசித் திரையைப் பிரதிபலித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே மிச்சம்.